பட்டை, அம்பு, மைல்கல்: கட்டட வேலையில் கேன்ட் சார்ட்டை வாசிக்கும் முறை

கட்டட உரிமையாளர் தரப்பில் திட்ட மேலாளராக வேலை பார்ப்பவருக்கு வாரந்தோறும் வந்து சேரும் தாள்களில் கேன்ட் சார்ட்தான் பார்வைக்கு மிக எளிமையானது. இடப்பக்கம் வேலைகளின் பெயர்கள், மேலே தேதிகள், நடுவே பட்டைகள், பட்டைகளை இணைக்கும் அம்புகள், ஆங்காங்கே கறுப்புச் சாய்சதுரமாக மைல்கற்கள். அந்த எளிமையின் காரணமாகவே, அது சொல்லாத செய்திகளையும் அது சொல்வதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். ஓர் அறக்கட்டளையின் பயிற்சி நிலையத்துக்காகத் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட கட்டடம் எழுந்தபோது, ஒப்பந்ததாரர் தந்த சார்ட்டை வைத்துக்கொண்டு நான் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன். அறக்கட்டளையின் பெயரும் ஒப்பந்ததாரரின் பெயரும் இதற்குத் தேவையில்லை.

முதலில் பட்டை. பட்டையின் இட முனை தொடக்கத் தேதி, வல முனை முடிவுத் தேதி, நீளம் இடைப்பட்ட காலம். இவ்வளவுதான் அது உறுதியாகச் சொல்வது. வேலையின் அளவு, ஆட்களின் எண்ணிக்கை, செலவு, கடினம் ஆகிய எதையும் பட்டையின் நீளத்திலிருந்து ஊகிக்க முடியாது. தளத்துக்குக் கான்கிரீட் போடுவது ஒரே நாள் வேலை. சார்ட்டில் அது ஒரு புள்ளியைப் போலத் தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் வேலையிடத்தில் ஆட்கள் அதிகம், பொருள் அதிகம், தவறினால் திருத்த முடியாத வேலையும் அதுதான். அதற்குப் பக்கத்திலேயே காம்பவுண்டுச் சுவர்ப் பட்டை ஒன்றரை மாதத்துக்கு நீண்டு கிடக்கும். இரண்டு கொத்தனார்கள் நேரம் கிடைக்கும்போது செய்கிற வேலை அது. கண் நீளமான பட்டையின் மேல்தான் விழும். கவனம் அங்கே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது வாசிப்பவரின் பொறுப்பு.

பட்டைக்குள் நிரப்பப்படும் கறுப்புக் கோடு, அதாவது எவ்வளவு முடிந்தது என்ற கணக்கு, இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. எங்கள் தரைத்தளச் செங்கல் கட்டு வேலைக்குச் சார்ட்டில் 12 நாள் ஒதுக்கியிருந்தார்கள். மொத்தம் 60 கன மீட்டர் கட்டு, நாளுக்கு 5 கன மீட்டர் என்பது கணக்கு. எட்டாம் நாள் மாலை வந்த சார்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியிருந்தது. எம்எஸ் புராஜெக்ட் மென்பொருளில் `% Complete` என்ற நிரல் கால அளவில் கழிந்த பங்கைக் குறிப்பது; கட்டிய சுவரின் அளவை அது தானாக அறியாது. பன்னிரண்டில் எட்டு நாள் ஓடிவிட்டதால் 67 விழுக்காடு என்று அலுவலகத்தில் இருந்தவர் பதிந்திருந்தார். நான் தளத்தில் டேப் பிடித்து அளந்தபோது முடிந்திருந்தது 28 கன மீட்டர்தான். நாளுக்கு 3.5 கன மீட்டர் என்ற வேகம் அது. மீதமுள்ள 32 கன மீட்டருக்கு அதே வேகத்தில் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். சார்ட்டின்படியோ நான்கு நாள்தான் மீதம். நான்கு கொத்தனார்களில் ஒருவர் ஊருக்குப் போயிருந்தார் என்பதும், சில நாட்கள் செங்கல் லோடு தாமதமாக வந்தது என்பதும் விசாரித்தபின் தெரிந்தவை.

அதன்பிறகு விழுக்காட்டைக் கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். "எவ்வளவு முடிந்தது?" என்ற கேள்விக்கு வரும் விடையில் எப்போதும் கொஞ்சம் நம்பிக்கை கலந்திருக்கும். "மிச்சம் எவ்வளவு, அதை முடிக்க எத்தனை நாள், எத்தனை ஆள்?" என்று கேட்டால் மேஸ்திரி நின்று, சுவரைப் பார்த்து, மனத்துக்குள் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்வார். சார்ட்டில் பதிய வேண்டியது அந்தப் பதிலைத்தான். மென்பொருளில் மீதிக் கால அளவை மாற்றினால் பட்டையின் வல முனை நகரும். அதன் பின்னே தொடரும் வேலைகளும் நகரும். அப்போதுதான் சார்ட் ஏதாவது சொல்லத் தொடங்கும்.

பட்டைகளை வாசிக்கும்போது முதலில் தேட வேண்டியது நிலவரத் தேதியைக் காட்டும் செங்குத்துக் கோடு. அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் நிரப்பப்படாத பட்டை எதுவும் இருக்கக் கூடாது. முடியாத வேலையை நேற்றைய தேதியில் செய்ய இயலாதே. அப்படிப்பட்ட பட்டைகள் இடப்பக்கம் தங்கியிருந்தால், அந்தச் சார்ட் சரியாகப் புதுப்பிக்கப்படவில்லை என்று பொருள். அதன் வலப்பக்கத்தில் உள்ள எதிர்காலத் தேதிகளுக்கும் மதிப்பில்லை. கோடே இல்லாத சார்ட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஹென்றி கேன்ட் தம் காலத்தில் இந்தப் படங்களுக்குக் கொடுத்த பயனே திட்டமிட்டதையும் நடந்ததையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவதுதான். அவர் 1919இல் மறைந்தார். வேலைகளுக்கு இடையிலான சார்புகளை வலையாக வரைந்து கணக்கிடும் முறைகள் 1950களின் பிற்பகுதியில்தான் அமெரிக்காவில் உருவாயின. இன்றைய சார்ட்டில் பட்டையும் அம்பும் ஒன்றாகத் தெரிந்தாலும், அவை வேறு வேறு கேள்விகளுக்கு விடை சொல்பவை.

இனி அம்பு. இந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் இங்கேதான் கிடைத்தது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தரைத்தளத்தின் மேற்கூரைக்கு ஜூன் 3, திங்கட்கிழமை கான்கிரீட் போடுவதாகத் திட்டம். வாரத்துக்கு ஆறு நாள் வேலை, ஞாயிறு விடுமுறை. கான்கிரீட் போட்டு மூன்று நாள் கழித்து, ஜூன் 6 முதல் முதல் தளத்துத் தூண் வேலை தொடங்கும். அதற்கு 9 வேலை நாள். ஜூன் 15, சனிக்கிழமை முடியும். அடுத்த திங்கள், ஜூன் 17 அன்று முதல் தள மேற்கூரைக்குச் சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் ஷீட்டையும் முட்டுகளையும் அடைக்கும் வேலை, தொடங்கும். 10 வேலை நாளில், ஜூன் 27இல் முடியும். தூணிலிருந்து சென்ட்ரிங்குக்கு ஒரு தெளிவான அம்பு. இது சரியான அம்பே. தூண் எழாமல் அதன் மேல் தளம் இல்லை. வேறொரு வரியில் தரைத்தளச் சென்ட்ரிங்கைப் பிரிக்கும் வேலை தனியாக இருந்தது. கான்கிரீட்டிலிருந்து அதற்கு ஓர் அம்பு. அங்கிருந்து தரைத்தளச் செங்கல் கட்டுக்கு இன்னோர் அம்பு. பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காக இருந்தது.

கான்கிரீட்டிலிருந்து சென்ட்ரிங் பிரிப்புக்குப் போகும் அம்பின் விவரத்தை நான் திறந்து பார்த்தேன். `FS+21 days` என்றிருந்தது. முந்தைய வேலை முடிந்து 21 நாள் கழித்து அடுத்தது தொடங்கும் என்பது இதன் பொருள். 21 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது நியாயமான கேள்வி. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456, சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டுக்கும் 15 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெப்பநிலைக்கும் முட்டுகளை எடுக்கும் காலங்களைத் தருகிறது: 4.5 மீட்டர் வரை நீளும் தளத்துக்கு 7 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 14 நாள். 6 மீட்டர் வரை நீளும் உத்திரத்துக்கு 14 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 21 நாள். எங்கள் கட்டடத்தின் ஒரு பாதியில் 7 மீட்டர் உத்திரங்களைக் கொண்ட பயிற்சிக் கூடம் இருந்தது. ஆகவே 21 சரிதான். ஆனால் மென்பொருளில் `days` என்று எழுதினால் அது வேலை நாட்களை மட்டும் எண்ணும். கான்கிரீட் ஞாயிற்றுக்கிழமையிலும் இறுகிக்கொண்டுதான் இருக்கும். ஞாயிறுகளைத் தள்ளி எண்ணியதால் சென்ட்ரிங் பிரிப்பு ஜூன் 28இல் வந்து நின்றது. `FS+21ed` என்று மாற்றினால், அதாவது நாட்காட்டியில் கழியும் நாட்களை எண்ணச் சொன்னால், ஜூன் 25 காலையில் தொடங்கலாம். மூன்று நாள் மாயமாக மறைந்திருந்தது ஓர் எழுத்துக் குறையால். சிமென்ட் இறுகுதல், பூச்சு காய்தல், டைல்ஸ் பசை பிடித்தல் போன்று மனித உழைப்பின்றிக் கழியும் காத்திருப்புகள் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இதைப் பார்ப்பது நல்லது.

பெரிய சிக்கல் அதுவன்று. சென்ட்ரிங் பிரிப்புக்கு நேரே `Total Slack` நிரலில் 24 நாள் என்று காட்டியது. அதாவது அந்த வேலை 24 நாள் தள்ளிப்போனாலும் கட்டடம் முடியும் தேதி மாறாது என்பது சார்ட்டின் கூற்று. முக்கியப் பாதையை, அதாவது தாமதமானால் கட்டடம் முடியும் நாளையே தள்ளிவிடும் வேலைகளின் தொடரைக் காட்டும் சிவப்பு நிறமும் அதன்மேல் இல்லை. இவ்வளவு நிதானமான வேலை என்று தோன்றியதே எனக்கு ஐயத்தை எழுப்பியது. தளத்துக்குப் போய்ச் சென்ட்ரிங் மேஸ்திரியிடம் கேட்டேன்.

"மேஸ்திரி, மேல் தளத்துக்கு ஷீட்டும் முட்டும் எங்கிருந்து வருது?"

"கீழே பிரிச்சாத்தான் சார் மேலே ஏத்த முடியும். நம்மகிட்ட இருக்கிறது ஒரே செட்டு."

இந்த ஒரு வாக்கியம் சார்ட்டில் எங்கும் இல்லை. தூணுக்கும் சென்ட்ரிங்குக்கும் இடையிலான அம்பு கட்டடத்தின் இயல்பிலிருந்து வருவது. எந்த ஒப்பந்ததாரர் கட்டினாலும் அது மாறாது. கீழ்த்தளத்தில் பிரித்தால்தான் மேல்தளத்தில் அடைக்க முடியும் என்பதோ இந்த ஒப்பந்ததாரரிடம் ஒரே செட் இருப்பதால் வருவது. முன்னதை வரைபவர்கள் அரிதாகத்தான் மறப்பார்கள். பின்னதைப் பெரும்பாலும் வரைவதே இல்லை. அம்பு இல்லாத இடத்தில் சார்பும் இல்லை என்று சார்ட் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் சென்ட்ரிங் பிரிப்புக்குப் பின்னால் செங்கல் கட்டு மட்டுமே நிற்பதாக எண்ணி, 24 நாள் தளர்வு இருப்பதாக அது கணக்கிட்டது.

அந்த அம்பைப் போட்டுப் பார்த்தோம். கீழே பிரிக்க ஜூன் 25, 26 ஆகிய இரண்டு நாட்கள் வேண்டும். மேலே சென்ட்ரிங் ஜூன் 27இல்தான் தொடங்கும். ஜூலை 8இல் முடியும். முழுதாக 9 வேலை நாள் பின்னே போயிற்று. முதல் தளச் சென்ட்ரிங் முக்கியப் பாதையில் இருந்ததால் கட்டடம் முடியும் நாளும் அதே அளவு நகர்ந்தது. ஓய்வாகத் தெரிந்த சென்ட்ரிங் பிரிப்பு இப்போது சிவப்பாயிற்று. தூண் வேலை சிவப்பிலிருந்து விடுபட்டது. கான்கிரீட் போடும் முன்பே, ஏப்ரல் மாத இறுதியிலேயே, இது எங்களுக்குத் தெரிந்தது என்பதால் செய்வதற்கு வழி இருந்தது.

ஷீட்டை மட்டும் சில நாளில் எடுத்துவிட்டு முட்டுகளை உடனே மறுபடி கொடுக்கும் முறையைத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. ஆனால் எங்கள் மேஸ்திரி பயன்படுத்திய முட்டு அமைப்பில் அதைப் பாதுகாப்பாகச் செய்ய இயலாது என்று கட்டமைப்புப் பொறியாளர் மறுத்துவிட்டார். அவருடன் அமர்ந்து வேறொன்று யோசித்தோம். கட்டடத்தின் மறுபாதி வகுப்பறைகள். அங்கே எந்த உத்திரமும் 6 மீட்டரைத் தாண்டவில்லை, தளங்களும் 4.5 மீட்டருக்கு உட்பட்டவை. அந்தப் பாதிக்கு 14 நாள் போதும். ஜூன் 18, 19இல் அங்கே பிரித்து, 20ஆம் தேதி முதல் மேலே அடைக்கலாம். கூடத்தின் பாதியை 27இலிருந்து அடைக்கலாம். அப்படியானால் முழுச் சென்ட்ரிங்கும் ஜூலை 2இல் முடியும். 9 நாள் தாமதம் 4 நாளாகக் குறைந்தது. இதற்குச் சார்ட்டில் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே: ஒற்றைப் பட்டையாக இருந்த சென்ட்ரிங்கை வகுப்பறைப் பகுதி, கூடப் பகுதி என்று இரண்டாகப் பிரிப்பது. பட்டை பெரிதாக இருக்கும்போது அதற்குள் இருக்கும் வாய்ப்பும் வெளியே தெரிவதில்லை, ஆபத்தும் தெரிவதில்லை.

பொறியாளர் ஒரு நிபந்தனையும் வைத்தார். மேல்தளத்தின் ஈரக் கான்கிரீட் எடை, அதன் முட்டுகள் வழியே கீழ்த்தளத்தின் மேல்தான் இறங்கும். ஆகவே மேலே கான்கிரீட் போடும் நாளிலும் அதன் பிறகு சில நாட்களும் கீழே தேர்ந்த இடங்களில் ஜாக்கி முட்டுகள் நிற்க வேண்டும் என்றார். அந்த ஜாக்கிகளை வாடகைக்கு எடுக்க ஏற்பாடு செய்தோம். எனவே தரைத்தளச் செங்கல் கட்டு உடனே எல்லா இடத்திலும் தொடங்க முடியாது என்ற இன்னொரு புதிய சார்பும் சார்ட்டில் ஏறியது. அவசரத்தில் தேதியை மட்டும் பார்த்து முட்டுகளை எடுப்பது உயிருக்கு ஆபத்தான காரியம். சார்ட்டில் அம்பைச் சுருக்கும் அதிகாரம் திட்ட மேலாளருக்கு உண்டு. கான்கிரீட்டின் வலிமையைப் பற்றி முடிவு சொல்லும் அதிகாரம் கட்டமைப்புப் பொறியாளருக்கு மட்டுமே உண்டு.

இதிலிருந்து நான் பழக்கமாக்கிக்கொண்ட கேள்வி இதுதான்: தளர்வு அதிகமாகக் காட்டும் ஒவ்வொரு வேலைக்கும், "இதில் பயன்படும் ஆளும் கருவியும் பொருளும் அடுத்து எங்கே போகின்றன?" என்று கேட்பது. கம்பி கட்டும் குழு, கலவை இயந்திரம், ஹாய்ஸ்ட், ஒரே எலக்ட்ரீஷியன் என்று எதைத் தொட்டாலும் வரையப்படாத ஓர் அம்பு கிடைக்கும். மென்பொருளில் ஆட்களையும் கருவிகளையும் வளமாகப் பதிந்தால் மோதலைக் காட்டும் வசதி உண்டு. ஆனால் சிறிய ஒப்பந்ததாரர்கள் அதைப் பதிந்து நான் பார்த்ததில்லை. தளத்தில் கேட்பதே விரைவான வழி.

அம்பு இருப்பதாகத் தெரிந்தாலும் அது வேலை செய்கிறதா என்பதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, தொடக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு வேலையை இரண்டு வாரம் தள்ளிப் போட வேண்டும். பின்னால் உள்ள பட்டைகள் அலையாக நகர்ந்தால் சார்புகள் உயிரோடு இருக்கின்றன. பாதியில் ஓரிடத்தில் அலை நின்றுவிட்டால், அங்கே அம்பு விட்டுப்போயிருக்கும் அல்லது யாரோ தேதியைப் பூட்டி வைத்திருப்பார்கள். எங்கள் சார்ட்டில் அலை வெளிப்பூச்சு வரை வந்து, "கட்டடம் ஒப்படைப்பு" என்ற மைல்கல்லில் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் அதற்கு `Must Finish On` என்ற கட்டுப்பாடு. முன்னால் எது தாமதமானாலும் அந்தச் சாய்சதுரம் அதே நாளில் அசையாமல் இருக்கும். ஒப்பந்தத்தில் உள்ள தேதி அது என்று ஒப்பந்ததாரர் சொன்னது உண்மைதான். ஆனால் ஒப்பந்தத் தேதி என்பது நாம் விரும்பும் நாள். சார்ட் கணக்கிட்டுச் சொல்லும் நாள் வேறு. இரண்டையும் காட்டத் தனித்தனி மைல்கற்கள் வைக்கச் சொன்னேன். அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளிதான் மேலாளர் ஒவ்வொரு வாரமும் பார்க்க வேண்டிய எண்.

மைல்கல்லுக்குக் கால அளவு பூச்சியம். ஒரு நிலை எட்டப்பட்டதா இல்லையா என்பதை மட்டுமே அது சொல்லும். பாதி எட்டிய மைல்கல் என்று ஒன்றில்லை. இது அதன் பலம். எட்டப்பட்டது என்பதற்கு என்ன பொருள் என்பதைச் சாய்சதுரம் சொல்லாது என்பது அதன் எல்லை. "தரைத்தளம் முடிந்தது" என்ற மைல்கல்லை ஒப்பந்ததாரர் பூச்சு முடிந்த நிலையாக எடுத்துக்கொண்டார். எலக்ட்ரீஷியன் வயர் இழுத்த நிலையாக எடுத்துக்கொண்டார். அறக்கட்டளையினர் மேசை நாற்காலி போடலாம் என்று எண்ணினர். அதனால் ஒவ்வொரு மைல்கல்லின் பெயரிலும் சரிபார்க்கத்தக்க ஒரு செயலை எழுதச் சொன்னோம்: "தரைத்தளப் பூச்சு முடிந்து, பொறியாளர் கையெழுத்திட்டார்" என்பது போல.

மைல்கல்லோடு பணம் சேரும்போது இன்னொன்றும் நிகழும். எங்கள் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தளக் கான்கிரீட்டும் முடிந்தவுடன் ஒரு தவணை. தவணை எங்கே இருக்கிறதோ ஆட்கள் அங்கே போவார்கள். இது யாருடைய குற்றமும் இல்லை, கூலி கொடுக்கப் பணம் வேண்டும். கான்கிரீட் மைல்கற்கள் தேதிப்படி வந்துகொண்டிருக்க, கழிவுநீர்க் குழாய், படிக்கட்டுக் கைப்பிடி, ஜன்னல் சட்டம் போன்ற தவணை இல்லாத வேலைகள் பின்தங்கின. மைல்கற்களை மட்டும் பார்த்தவருக்கு வேலை நேரத்தோடு நடப்பதாகவே தோன்றும். அடுத்த ஒப்பந்தத்தில் தவணைகளைச் சிறிதாக்கி, இந்த வேலைகளுக்கும் பகிர்ந்து கொடுத்தோம்.

இறுதியாக, பல அம்புகள் வந்து சேரும் மைல்கல். ஒப்படைப்புக்கு முன் மின் இணைப்பு, லிப்ட் பரிசோதனை, வெளிப்பூச்சு ஆகிய மூன்றும் முடிய வேண்டும். ஒவ்வொன்றும் குறித்த நாளில் முடிய 80 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாகவும், ஒன்றின் தாமதம் மற்றதைப் பாதிக்காது என்றும் கொள்வோம். மூன்றுமே அந்த நாளில் முடிய வாய்ப்பு 0.8 × 0.8 × 0.8, அதாவது 51 விழுக்காடுதான். சார்ட்டில் மூன்று பட்டைகளும் ஒரே கூர்மையான முனையோடு வந்து ஒரே சாய்சதுரத்தைத் தொடுகின்றன. நன்றாக அறிந்த வேலையின் முனையும் வெறும் ஊகத்தின் முனையும் அங்கே ஒன்றுபோலத்தான் இருக்கும். வெளிப்பூச்சு வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர், நவம்பரில் விழுந்திருந்தது. மின் இணைப்பு எங்கள் கையில் இல்லை.

இதை அறங்காவலர்களிடம் விளக்கி, ஒப்படைப்புக்கு ஒரு நாளைச் சொல்லாமல் ஒரு கால வரம்பைச் சொன்னேன்: எல்லாம் கூடிவந்தால் நவம்பர் கடைசி வாரம், மழையும் இணைப்பும் தாமதித்தால் ஜனவரி இரண்டாம் வாரம். திறப்பு விழா அழைப்பிதழை அச்சுக்குக் கொடுப்பதை, மின் இணைப்புக்கான மீட்டர் பொருத்தப்பட்டு வெளிப்பூச்சில் கடைசிச் சுவர் தொடங்கும்வரை தள்ளி வைப்பது என்று முடிவாயிற்று. அந்த இரண்டையும் சார்ட்டில் தனி மைல்கற்களாகச் சேர்த்து, அங்கிருந்து அழைப்பிதழுக்கு அம்பு போட்டோம்.